உருளைக்கிழங்கு பச்சையாயிடுச்சா, முளைச்சிடுச்சா: எதை சீவி சமைக்கலாம், எதை தூக்கிப் போடணும்

சேலத்துல மெஸ் கிச்சன் பாத்துக்கிறேன், மூட்டை மூட்டையா கிழங்கு கையில போகும், அதனால இந்த கேள்வி எனக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்துடும். ஏற்காட்டுல ஹோம்ஸ்டே வச்சிருக்கிற தெரிஞ்சவங்களும் இதையேதான் கேக்கிறாங்க. "சீவிட்டா போயிடும்ல?" இதுக்கு ஒரே வரில பதில் கிடையாது, கிழங்கு எப்படி இருக்குங்கிறத பொறுத்து மாறும். அதனால கையில இருக்கிற கிழங்கு எப்படி இருக்கோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க, எல்லாத்தையும் படிக்கணும்னு இல்ல. ஆனா கீழ இருக்கிற முதல் சின்ன பகுதிய மட்டும் படிச்சிடுங்க, மத்த எல்லாமே அத வச்சுதான்.

முதல்ல இத மட்டும் தெரிஞ்சுக்கங்க

பச்சை நிறம் விஷம் இல்ல. அது இலைல இருக்கிற அதே பச்சையம்தான், கீரைல தினமும் சாப்பிடுறதுதான். விஷம் வேற, அதுக்கு நிறமே கிடையாது. சொலனின், சாக்கோனின்னு ரெண்டு பொருள், ரெண்டும் உருளைக்கிழங்குல எப்பவுமே கொஞ்சம் இருக்கும், பூச்சியும் பூஞ்சையும் தின்னுடாம இருக்க செடி தனக்குத்தானே செஞ்சுக்கிறது. கிழங்கு மேல வெளிச்சம் பட்டா "மண்ணுக்கு வெளிய வந்துட்டோம், இனி நம்மள எவனாவது தின்னுடுவான்"ங்கிற மாதிரி இது அதிகமா ஊறும், அதே வெளிச்சம் பச்சையத்தையும் உண்டாக்கும். ரெண்டும் சேந்து வருது, ஆனா தனித்தனி வேலை. அதனால பச்சை இருந்தா விஷம் ஏறியிருக்கலாம்னு ஒரு எச்சரிக்கை, பச்சை இல்லன்னா விஷம் இல்லன்னு அர்த்தம் இல்ல. அடிபட்டாலும், வெட்டுப்பட்டாலும், முளை விட்டாலும் பச்சையே இல்லாம விஷம் ஏறும்.

நல்ல கிழங்குல இது பெரும்பாலும் தோல்லயும் தோலுக்கு அடியில ஒன்றரை மில்லிமீட்டர் வரைக்கும்தான் இருக்கும். கண்ணுல அதிகம், முளைல ரொம்ப ரொம்ப அதிகம். நடு சதைல ரொம்ப கம்மி. சீவுறது வேலை செய்யுதுன்னா அதுக்கு காரணம் இதுதான், வேலை செய்யாம போறதுக்கும் காரணம் இதுதான்: அளவு ரொம்ப ஏறிப்போன கிழங்குல அது தோலோட நிக்காம உள்ள இறங்கிடும்.

இன்னொன்னு, வேக வச்சா போயிடும்னு நினைக்காதீங்க. குக்கர் எவ்வளவு விசில் விட்டாலும் உள்ள 120 டிகிரி பக்கம்தான், அதுல இது உடையாது. பொரிக்கிற எண்ணெய் 170, 180 டிகிரி, அதுல ஓரளவு குறையலாம், ஆனா முழுசா போகாது. வேக வச்ச தண்ணிய கொட்டினா கொஞ்சம் போகும், அத நம்பி கெட்டுப்போன கிழங்க காப்பாத்த முடியாது.

தோல்ல மட்டும் லேசா பச்சை, ஒரு பக்கம் திட்டு மாதிரி

கையில எடுத்து அழுத்தி பாருங்க, கல்லு மாதிரி கெட்டியா இருக்கா? அடுத்து நகத்தால பச்சை இருக்கிற இடத்துல தோல மட்டும் சுரண்டுங்க. தோலுக்கு அடியில சதை வெள்ளையா மஞ்சளா இருந்தா அது மேலோட்டம். சுரண்டின இடமும் பச்சையா இருந்தா கத்தியால கொஞ்சம் ஆழமா ஒரு சீவல் எடுங்க, எவ்வளவு ஆழம் போனதும் பச்சை நிக்குதுன்னு பாருங்க.

மூணு மில்லிமீட்டருக்குள்ள நின்னுடுச்சு, திட்டும் கிழங்குல கால்வாசிக்கு மேல இல்ல: காப்பாத்தலாம். ஆனா பீலர்ல சீவாதீங்க. பீலர் ஒரு மில்லிமீட்டர்தான் எடுக்கும், பல பீலர் அதுவும் எடுக்காது, கத்தியால தடிமனா சீவணும். பச்சை திட்ட மட்டும் வெட்டி எடுத்துட்டு மிச்ச தோல விட்டுடாதீங்க, அந்த கிழங்குல மத்த பக்கமும் வெளிச்சம் பட்டிருக்கலாம், ஒரு பக்கம் நிறம் முன்னாடி தெரிஞ்சிருக்கலாம். முழுசா சீவுங்க, கண்ணெல்லாம் குடைஞ்சு எடுங்க.

சீவின தோல வச்சு வறுவல் போடுற பழக்கம் இப்ப நிறைய பேருக்கு இருக்கு, மொறுமொறுன்னு நல்லாத்தான் இருக்கும், ஆனா இந்த கிழங்கோட தோல மட்டும் அதுக்கு வச்சுக்காதீங்க. விஷம் எங்க அதிகமோ அத மட்டும் தனியா எடுத்து சாப்பிடுற வேலை அது.

செவப்பு தோல் கிழங்குலயும் மண் ஒட்டின கிழங்குலயும் பச்சை கண்ணுக்கு தெரியாது. அதுக்கு நகச் சுரண்டல் ஒண்ணுதான் வழி. கொடியோட ஒட்டியிருந்த முனைல ஒண்ணு, எதிர்முனைல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மூணு இடத்துல சுரண்டினா போதும்.

பச்சை சதைக்குள்ள போயிருக்கு, இல்ல கிழங்கு பாதிக்கு மேல பச்சை

இது குப்பை. யோசிக்கவே வேணாம். இங்கதான் சீவினா பத்தாது.

ஏன்னு ஒரு கணக்கு போட்டு காட்டறேன், ஒரே ஒரு தடவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல சொன்ன கணக்குப்படி உடம்பு எடைல ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் ஒரு நாள்ல உள்ள போனாலே வயித்து தொந்தரவு ஆரம்பிக்கலாம். 60 கிலோ ஆளுக்கு 60 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 15 மில்லிகிராம்தான். இப்ப நல்ல கிழங்குல ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் இருக்குன்னு வச்சுப்போம், குழந்தை 150 கிராம் சாப்பிட்டா ஏழரை மில்லிகிராம், பிரச்சனை இல்ல. நல்லா பச்சையான கிழங்குல 400 இருந்து, நாம சீவி மூணுல ஒரு பங்கு குறைச்சாலும் 270 பக்கம் மிச்சம் இருக்கும், அதே 150 கிராம்ல 40 மில்லிகிராம். குழந்தையோட அளவுக்கு ரெண்டரை மடங்குக்கு மேல. பெரியவங்க அதையே சாப்பிட்டு ஒண்ணும் ஆகாம "எனக்கு ஒண்ணும் ஆகலயே"ன்னு சொல்லுவாங்க, உண்மைதான், அவங்களுக்கு ஆகல.

சாதாரண கிழங்குல சீவினா பெரும்பகுதி போயிடும், முத்திப்போன பச்சைல மூணுல ஒரு பங்குதான் போகும். அதிகம் தேவைப்படுற இடத்துல சீவுறது குறைவா வேலை செய்யுது, இதுதான் இந்த விஷயத்தோட வில்லங்கம்.

பச்சையா இருந்துச்சு, இருட்டுல வச்சதும் நிறம் போயிடுச்சு

இத கேக்கும்போதுதான் எனக்கு பயம் வரும். ஒரு அண்ணன் மளிகைக் கடைல சொன்னாரு, "கோணிக்குள்ள போட்டு மூடி வச்சா கொஞ்ச நாள்ல பச்சை எல்லாம் போயிடும், அப்பறம் வித்துடலாம்"னு. நிறம் மங்குறது நிஜம், பச்சையம் இருட்டுல மெல்ல மெல்ல உடையும். விஷம் அப்படி உடையாது, உள்ளயே இருக்கும். அதாவது இருட்டுல வச்சா கிழங்கு நல்லா ஆகல, கண்ணுக்கு தெரிஞ்ச அடையாளம் காணாம போச்சு. பச்சையா இருந்தத பாத்தீங்கன்னா அன்னிக்கே ஒதுக்கிடுங்க, அப்பறம் எது எதுன்னு தெரியாது.

சின்னதா முளை எட்டிப் பாக்குது, கிழங்கு கெட்டியாத்தான் இருக்கு

பயப்பட வேணாம். முளை ஒரு சென்டிமீட்டருக்குள்ள இருந்து, கிழங்கு அழுத்தினா அமுங்காம, தோல் சுருங்காம, பச்சையும் இல்லன்னா தாராளமா சமைக்கலாம். முளைய கையால ஒடிச்சு மட்டும் விட்டுடாதீங்க, அடி உள்ளயே நிக்கும், கத்தி முனைய வச்சு கண்ணோட சேத்து குழி மாதிரி குடைஞ்சு எடுங்க, சுத்தி அரை சென்டிமீட்டர் ஆழம். அப்பறம் சீவுங்க. முளைல ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இருக்கும், நல்ல கிழங்குல வெறும் அம்பது அறுபதுதான், அதனால முளைத் துணுக்கு ஒண்ணு கூட சட்டிக்குள்ள விழக்கூடாது. மெஸ்ல அவசரத்துல நறுக்கும்போது இது விழும், அதனால எங்க கிச்சன்ல முளை எடுக்கிறது ஒரு ஆள், நறுக்கறது இன்னொரு ஆள்.

அப்படி எடுத்ததையும் அன்னிக்கே சமைச்சிடுங்க. முளைய ஒடிச்சுட்டு திரும்ப கூடைல போட்டா பக்கத்து கண்ணுல இருந்து மறுபடி வரும்.

நீளமா முளை, கிழங்கு சுருங்கி தொளதொளன்னு ஆயிடுச்சு

தூக்கிப் போடுங்க. முளை வளர கிழங்குல இருக்கிற மாவும் தண்ணியும் போயிருக்கு, அதனாலதான் சுருங்குது, இந்த நிலைல கண்ணச் சுத்தி மட்டும் இல்லாம மத்த இடத்துலயும் விஷ அளவு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ருசியும் இருக்காது, சீவி குடைஞ்சு எடுத்தா மிச்சம் பாதிதான், அதுக்கு எதுக்கு ரிஸ்க்.

முளையும் இருக்கு பச்சையும் இருக்குன்னா அளவே பாக்காதீங்க, ரெண்டும் சேந்தா குப்பைதான்.

நட்டு விட இடம் இருந்தா முளைச்சது நடலாம், ஏற்காடு மாதிரி குளிர்ச்சியான ஊர்ல வரும், சேலம் வெயில்ல கிழங்கு சரியா கட்டாது. ஆனா நட்டீங்கன்னா ஒண்ணு, கிழங்கு பெருக்கிறப்ப மேல தெரியாம மண்ணு அணைச்சுக்கிட்டே இருக்கணும், இல்லன்னா செடிலயே வெயில் பட்டு பச்சையாயிடும். ஜப்பான்ல ஸ்கூல் தோட்டத்துல பசங்களே நட்டு, சரியா பெருக்காத குட்டிக் கிழங்க தோலோட வேக வச்சு தின்னு வாந்தி எடுத்தது பல தடவை நடந்திருக்கு. குட்டிக் கிழங்குல சதைய விட தோல் பங்கு அதிகம், அதனால விஷமும் எடைக்கு அதிகம். நம்ம ஊர்ல தோலோட போடுற சின்ன உருளை ரோஸ்ட்டுக்கும் இதே கதைதான், அதுக்கு கிழங்கு பொறுக்கும்போது மட்டும் ஒண்ணு கூட பச்சை இருக்கக்கூடாது, ஏன்னா அதுல சீவவே போறதில்ல.

பச்சையும் இல்ல முளையும் இல்ல, ஆனா கசக்குது, தொண்டை எரியுது

இதத்தான் யாரும் கண்டுக்கிறதில்ல, எனக்கு பச்சைய விட இதுதான் நம்பிக்கையான அடையாளம். கிலோவுக்கு சுமாரா 140 மில்லிகிராம் தாண்டினா நாக்குல கசப்பு தெரியும், 200 தாண்டினா தொண்டைலயும் வாயிலயும் எரிச்சல் வரும். உலகத்துல பொதுவா ஏத்துக்கிட்ட உச்ச அளவே 200தான், ஐரோப்பால இப்ப 100க்கு கீழ இருக்கணும்னு பாக்கிறாங்க. அதனால நாக்கு கசந்தா அது ஏற்கனவே எல்லைய ஒட்டி நிக்குதுன்னு அர்த்தம்.

நம்ம சமையல்ல ஒரு சிக்கல், மிளகாத்தூளும் கரம் மசாலாவும் போட்ட வறுவல்ல தொண்டை எரிஞ்சா எது எரிஞ்சதுன்னு யாருக்கு தெரியும்? அதனால சந்தேகம் வந்த மூட்டைல நான் செய்யறது இது. சந்தேகமான கிழங்குல ஒண்ண எடுத்து சீவி, நடுவுல இருந்து ஒரு வில்லை, தோல் பக்கத்துல இருந்து ஒரு வில்லை, ரெண்டையும் உப்பு கூட போடாம தனித்தனியா வேக வைங்க. ஆறினதும் நுனி நாக்குல ஒரு சின்ன கடி, மென்னு துப்பிடுங்க, முழுங்க வேணாம், அரை நிமிஷம் பொறுங்க. தோல் பக்கத்து வில்லை மட்டும் லேசா கசந்தா, தடிமனா சீவினா தப்பிக்கலாமான்னு யோசிக்கலாம், ஆனா குழந்தைங்களுக்கும் கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும் வேணாம். நடு வில்லையே கசந்தா அந்த கிழங்குல சீவி காப்பாத்த எதுவும் மிச்சம் இல்ல.

கசக்கலன்னா முழு மூட்டையும் சுத்தம்னு நினைச்சுக்காதீங்க, ஒரு கிழங்கு ஒரு மாதிரி இருக்கும், பக்கத்துது வேற மாதிரி. வீட்டுல இத விட துல்லியமா பாக்க வழி கிடையாது, லேப்ல பாக்கலாம், ஆனா பத்து கிலோ கிழங்குக்கு லேப் செலவு பண்றதுக்கு புதுசா ஒரு மூட்டை வாங்கிடலாம்.

கசப்பு எல்லா தடவையும் சேமிப்பு தப்பால வர்றது இல்ல, ரகமே அப்படி இருக்கும். அமெரிக்கால 1967ல லெனாபேன்னு ஒரு ரகம் சிப்ஸுக்காகவே விட்டாங்க, வறுத்தா அருமையா இருக்கும், ஆனா விஷ அளவு இயல்பிலேயே அதிகம்னு தெரிஞ்சு 1970ல திரும்ப எடுத்துட்டாங்க. ஒரே கடைல வாங்கின புது கிழங்கு திரும்ப திரும்ப கசந்தா சேமிப்ப குறை சொல்லாம ரகத்த மாத்திப் பாருங்க.

ஏற்காட்டுல ஒரு பை, எப்படி பிரிச்சோம்

ஹோம்ஸ்டே நடத்துற அக்கா ஒரு நாள் சாயந்தரம் போன் பண்ணாங்க. வராண்டால ஜன்னல் ஓரம் வலைப் பைல 10 கிலோ கிழங்கு, கழுவினது, மூணு நாள் மழை மூட்டம் அதனால வெளிச்சம் படலன்னு விட்டுட்டாங்களாம், ராத்திரி சாப்பாட்டுக்கு குழந்தைங்களோட ஒரு குரூப் வருது. "தம்பி, எல்லாம் லேசா பச்சைதான், சீவிட்டு பட்டாணி குருமா வச்சிடவா?"

மூட்டமா இருந்தாலும் பகல் வெளிச்சம் பகல் வெளிச்சம்தான், நேரா வெயில் பட்டாத்தான்னு இல்ல, ட்யூப்லைட்டுக்கும் பச்சையாகும். கழுவின கிழங்குல மண்ணு மறைப்பும் இல்ல. நான் அவங்கள மூணு தட்டு எடுக்க சொன்னேன். தோல்லயும் பச்சை இல்லாம, சுரண்டினாலும் சதை வெள்ளையா இருக்கிறது முதல் தட்டு. திட்டு மட்டும் பச்சை, மேலோட்டமா நிக்குது, ரெண்டாவது. பாதிக்கு மேல பச்சை, உள்ள இறங்கினது, இல்ல முளையோட பச்சை, மூணாவது. பைக்கு நடுவுல இருந்ததெல்லாம் முதல் தட்டுக்கு போச்சு, ஜன்னல் பக்கம் பாத்து இருந்ததெல்லாம் மூணாவதுக்கு, அது எதிர்பாத்ததுதான். எடை போட்டப்ப முதல் தட்டுல அஞ்சே கால் கிலோ, ரெண்டாவதுல மூணு, மூணாவதுல ஒண்ணே முக்கால்.

குழந்தைங்க சாப்பிடுற குருமா முழுக்க முதல் தட்டு மட்டும். ரெண்டாவது தட்ட கத்தியால தடிமனா சீவி, ஒரு வில்லை வேக வச்சு கடிச்சுப் பாத்து கசப்பு இல்லாததால அடுத்த நாள் பெரியவங்களுக்கு பொரியல். மூணாவது தட்டு குப்பைக் குழி. ஒண்ணே முக்கால் கிலோ கிழங்கு போச்சேன்னு அக்காவுக்கு வருத்தம், ஏற்காட்டுக்கு காய் ஏத்திட்டு போற வாடகையும் சேத்துதான் அவங்க கணக்கு பாப்பாங்க. இருந்தாலும் ராத்திரி ஒரு குழந்தைக்கு வாந்தின்னா அந்த 20 கொண்டை ஊசி வளைவுல வண்டிய இறக்கணும், அத யோசிச்சா ஒண்ணே முக்கால் கிலோ ஒண்ணுமே இல்ல.

வாங்கி வச்சாலே திரும்ப திரும்ப பச்சையாகுது, முளைக்குது

காரணத்த சுலபமானதுல இருந்து பாருங்க.

மொதல் சந்தேகம் வெளிச்சம். ஜன்னல், ஓட்டுக்கு நடுவுல வெளிச்சத்துக்கு போட்ட கண்ணாடி, ராத்திரி முழுக்க எரியிற ஸ்டோர் ரூம் லைட், கண்ணாடி மாதிரி தெரியிற பிளாஸ்டிக் கவர். இதுக்கு செலவு ஒரு கோணிச் சாக்கு. கிழங்க மூடி போடுங்க, ஆனா பிளாஸ்டிக்கால கட்டிடாதீங்க, வேர்த்து அழுகிடும். முன்னாடியே கழுவி வைக்காதீங்க, சமைக்கும்போது கழுவுங்க. சூப்பர் மார்க்கெட்ல பளிச்சுன்னு கழுவி லைட்டுக்கு அடியில அடுக்கி வச்சிருக்கிறத விட உழவர் சந்தைல மண்ணோட இருக்கிறத எடுக்கறது மேல், அதுவும் குவியல் உச்சில இருக்கிறத விட்டுட்டு கீழ இருந்து எடுங்க.

அடுத்து சூடு. சித்திரை வெயில்ல தகர ஷீட்டு ரூமுக்குள்ள கிழங்கு வச்சா முளை வராம என்ன வரும். அடுப்புக்கு பக்கத்துல, ஃபிரிட்ஜுக்கு பின்னாடி, மேல் ஷெல்ஃபுல எல்லாம் வேணாம், தரைக்கு பக்கத்துல, காத்து போற இடம், கீழ ஒரு மரக்கட்டை, அது மேல சாக்கு. ஃபிரிட்ஜ்ல வைக்கலாமான்னு கேப்பாங்க, முளை நிக்கும், ஆனா மாவு சர்க்கரையா மாறி இனிக்கும், சிப்ஸ் போட்டா கறுத்துப் போகும். குழம்புக்குன்னா பரவாயில்ல, வறுவலுக்கு வேணாம்.

மூணாவது, கிழங்கே பழசா இருக்கலாம். கிழங்கு தோண்டினதும் ரெண்டு மூணு மாசம் தூங்கும், அது வரைக்கும் முளைக்காது. வடக்குல மாசி பங்குனி வாக்குல தோண்டி குளிர் கிடங்குல வச்சு ஐப்பசி வரைக்கும் விக்கிறது நம்ம ஊருக்கும் வரும், அது கிடங்க விட்டு வெளிய வந்து சேலம் சூட்டுக்கு வந்ததும் தூக்கம் கலைஞ்சு வேகமா முளைக்கும். தீபாவளி வாக்குல வாங்கின மூட்டை ஒரு வாரத்துல முளைச்சா உங்க ஸ்டோர் ரூம் மேல கோவப்படாதீங்க. செவ்வாய்பேட்டை லீ பஜார்ல மூட்டை எடுக்கிறவங்க "எந்த ஊர் சரக்கு, குளிர் கிடங்கு சரக்கா"ன்னு கேட்டு எடுங்க, சொல்லுவாங்க. மேட்டுப்பாளையம் மண்டி வழியா வர்ற ஊட்டி கிழங்கு விலை கூட இருக்கும், ஆனா புதுசா கிடைக்கும்போது சேதாரம் கம்மி, சீவி எறியிறத கணக்கு பண்ணா பல நாள் ரெண்டும் ஒரே விலைதான்.

கடைசியா, செலவு பிடிக்கிறது, வாங்கற அளவையே குறைக்கிறது. மூட்டை விலைல கிடைக்கிற லாபம் போகும், அதனால கடைசில சொல்றேன். ஒரு வாரத்துக்கு மேல நிக்கிற கிழங்கு வீட்டுக்கு தேவையே இல்ல. மெஸ்ஸுக்குன்னா பழசு முன்னாடி புதுசு பின்னாடின்னு வைங்க. மூட்டை அடியில மறந்து போன கிழங்குதான் ஆபத்து. லண்டன்ல லூயிஷம் பகுதில 1969ல ஒரு ஸ்கூல்ல கோடை லீவுக்கு முன்னாடி வாங்கி மிச்சம் இருந்த மூட்டைய லீவு முடிஞ்சு சமைச்சு போட்டாங்க, 78 பசங்களுக்கு முடியாம போச்சு, 17 பேர ஆஸ்பத்திரில சேத்தாங்க, எல்லாரும் பொழைச்சுட்டாங்க. அந்த கிழங்கயும் சீவித்தான் சமைச்சாங்க.

ஹாஸ்டல், ஸ்கூல் கிச்சன் பாக்கிறவங்க லீவு முடிஞ்சு திறக்கிற அன்னிக்கு பழைய மூட்டைய தொடாதீங்க, புதுசா வாங்குங்க.

சாப்பிட்டாச்சு, இப்ப என்ன பண்றது

ஒரு சின்ன பச்சைத் துண்டு தெரியாம சாப்பிட்டதுக்கு பதற வேணாம், பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. வாந்தி எடுக்க வைக்காதீங்க, தண்ணி குடிங்க, கவனிங்க. அறிகுறி அரை மணில வரலாம், ஆனா பல பேருக்கு 8ல இருந்து 12 மணி நேரம் கழிச்சுதான் வருது, அதனால மதியம் சாப்பிட்டதுக்கு நடு ராத்திரி வாந்தி வந்தா ராத்திரி தின்ன பரோட்டாவ குறை சொல்லுவோம். குமட்டல், வாந்தி, வயித்து வலி, பேதி, தலைவலி, தலை சுத்தல், இதெல்லாம்தான் பொதுவா.

லேசா வாந்தி பேதி, தெளிவா பேசறாங்க, தண்ணி நிக்குதுன்னா ஓஆர்எஸ் கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுத்து வீட்டுலயே பாக்கலாம்.

டாக்டர்கிட்ட உடனே போகணும்னா இதெல்லாம்: குடுக்கிற தண்ணி எதுவுமே நிக்கல, வாந்தி பேதி நிக்காம போகுது, மூத்திரம் போகல, ஜுரம், தூக்கக் கலக்கம், குழப்பமா பேசறது, கண்ணுக்கு ஏதோ தெரியுதுன்னு சொல்றது, நெஞ்சு படபடப்பு. குழந்தை, வயசானவங்க, கர்ப்பமா இருக்கிறவங்கன்னா லேசா இருந்தாலும் காத்திருக்க வேணாம். 108 கூப்பிடுங்க. இதுக்கு முறிவு மருந்து கிடையாது, டிரிப்ஸ் ஏத்தி கவனிச்சுப்பாங்க, நேரத்துக்கு போனா பெரும்பாலும் ஓரிரு நாள்ல சரியாயிடும். போகும்போது மிச்சம் இருக்கிற கிழங்குல ஒண்ண ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, என்ன சாப்பிட்டோம்னு சொல்லுங்க, இல்லன்னா சாதாரண வயித்துப்போக்குன்னே பாப்பாங்க. ஏற்காட்டுல மேல இருக்கீங்கன்னா இருட்டறதுக்கு முன்னாடியே முடிவெடுங்க, மூடுபனி இறங்கினா மலைப்பாதைல ஆம்புலன்ஸும் மெல்லத்தான் வரும்.

சீவின தோலும் முளையும்: மாட்டுக்கு போடலாமா

போடாதீங்க. எங்க தெருவுலயும் பல வீட்டுல காய்த்தோல் எல்லாம் கழுநீர் தொட்டிக்குத்தான் போகும், மாட்டுக்காரம்மா வந்து எடுத்துட்டு போவாங்க. நல்ல கிழங்கோட தோல் கொஞ்சம் போனா ஒண்ணும் இல்ல, ஆனா பச்சைத் தோலும் முளையும் மாடு ஆடு ரெண்டுக்கும் விஷம்தான், வேக வச்சு போட்டாலும் அதேதான். தனியா ஒரு கவர்ல கட்டி குப்பை வண்டில போட்டுடுங்க, இல்ல மாடு கோழி கிளறாத குழில மண்ணு போட்டு மூடிடுங்க, உரமா மக்கிடும். மாடு ஏற்கனவே நிறைய தின்னுடுச்சு, வாயில நுரை, கழிச்சல், தள்ளாடுதுன்னா கை வைத்தியம் பாக்காம கால்நடை டாக்டர கூப்பிடுங்க, எவ்வளவு கிழங்கு எப்ப தின்னுச்சுன்னு முதல்ல சொல்லுங்க.